காத்திருந்த இரவுக்கு ஒரு கணக்கு, வேலை பார்த்த மணிக்கு ஒரு கணக்கு

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள சில சிறு தொழிற்சாலைகளுக்குச் சம்பளக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மாம்பழப் பருவம் வந்தால் இங்கே கூழ்த் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடும். அந்த மாதங்களில் ஒரே தகராறு பல வடிவங்களில் என் மேசைக்கு வருகிறது. கணினி, எடைமேடை, லேபிள் அச்சிடும் எந்திரம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் பையன்களுக்கு 'ஸ்டாண்ட்பை' என்று இரவுக்கு ஒரு தொகை கொடுக்கிறார்கள். நடுராத்திரியில் கூப்பிட்டு வேலை வாங்கிவிட்டு, "அதுதான் ஸ்டாண்ட்பை காசு வாங்கினாயே" என்று ஓவர்டைமை மறுக்கிறார்கள். இது தவறு. தெரியாமல் செய்கிறவர்கள் சிலர், தெரிந்தே செய்கிறவர்கள் பலர் என்பது என் அனுபவம்.

இரண்டும் வேறு வேறு பொருளுக்கான விலை. ஸ்டாண்ட்பை படி என்பது ஒருவர் வேலை செய்யாத நேரத்துக்குக் கொடுப்பது. அவர் வீட்டில்தான் இருக்கிறார், தூங்கக்கூட தூங்கலாம். ஆனால் கைப்பேசியை அணைக்க முடியாது, ஊரை விட்டு நகர முடியாது. அந்தக் கட்டுக்கான ஈடு அது. கைப்பேசி ஒலித்து அவர் வேலையைத் தொட்ட நொடியில் காத்திருப்பு முடிந்து வேலை நேரம் தொடங்கிவிடுகிறது. அந்த நேரம் அன்றாட வரம்பையோ வார வரம்பையோ தாண்டினால் அது ஓவர்டைம்.

சட்டம் இந்த இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு ஊதியம் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவிலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இரட்டிப்புதான். நியமனக் கடிதத்தில் என்ன எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் அதைக் குறைக்க முடியாது. ஸ்டாண்ட்பை படிக்கு அப்படி எந்தப் பிரிவும் கிடையாது. கொடுக்க வேண்டும் என்றும் இல்லை, எவ்வளவு என்றும் இல்லை. அது முழுக்க முழுக்கப் பேரம். ஒருவர் 100 கொடுக்கலாம், இன்னொருவர் 500 கொடுக்கலாம், மற்றொருவர் ஒன்றுமே கொடுக்காமலும் இருக்கலாம். முதலாளி தன் விருப்பப்படி தரும் காசைக் காட்டி, சட்டப்படி தந்தே ஆக வேண்டிய காசை அடைத்துவிடுகிறார் என்பதுதான் இங்கே நடப்பது.

போன பருவத்தில் வந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். அங்கே மூன்று பேர் முறை வைத்து ஆளுக்கு ஒரு வாரம் ஸ்டாண்ட்பை இருந்தார்கள். அதில் ஒரு தம்பிக்கு அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 20,800 ரூபாய். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி என்று வகுத்தால் மணிக்குச் சரியாக 100 ரூபாய் வரும். ஓவர்டைம் என்றால் மணிக்கு 200. ஸ்டாண்ட்பை படி இரவுக்கு 200, வாரத்துக்கு 1,400. அவர் பகலில் ஆறு நாளும் எட்டு மணி நேரம் பார்த்து 48 மணியை நிரப்பிவிடுகிறார். ஆகவே அதற்கு மேல் தொட்டதெல்லாம் ஓவர்டைம்தான், அதில் வாதத்துக்கே இடமில்லை.

செவ்வாய் இரவு 1:15க்கு அழைப்பு. வாசலில் பெங்களூரா மாம்பழம் ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்கின்றன, எடைமேடையின் எண் கணினிக்கு வரவில்லை. கால் மணி நேரம் தொலைபேசியிலேயே காவலாளியிடம் இதை அழுத்து, அதைப் பிடுங்கிச் செருகு என்று சொல்லிப் பார்த்தார். சரியாகவில்லை. 1:30க்கு வண்டியை எடுத்து 1:45க்கு உள்ளே போனார். மின்சாரம் போய் வந்ததில் எடைமேடைக் கம்பி செருகியிருந்த போர்ட்டின் பெயர் COM3 என்பதிலிருந்து COM4 என்று மாறிப்போயிருந்தது. மென்பொருள் பழைய பெயரிலேயே தேடிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் இடைப்பட்ட நேரத்தில் லாரிகளின் எடையைக் காவலாளி துண்டுச் சீட்டுகளில் எழுதி வைத்திருந்தார். அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி, காலி வண்டி எடையோடு பொருத்தி, விவசாயிகளுக்கு ரசீது எடுத்துக் கொடுத்து முடிக்க மணி 4:15 ஆகிவிட்டது. ஆக மூன்று மணி நேரம்.

வியாழன் இரவு லேபிள் எந்திரத்தில் தேதி தப்பாக விழுந்தது. வீட்டிலிருந்தே கணினி வழியாக உள்ளே நுழைந்து முக்கால் மணி நேரத்தில் சரிசெய்தார். ஞாயிறு காலை மறுபடியும் எடைமேடை, நேரில் போய் இரண்டேகால் மணி நேரம். எல்லாம் கூட்டினால் ஆறு மணி. மணிக்கு 200 என்றால் 1,200. காத்திருப்புக்கான 1,400ஐச் சேர்த்தால் அந்த வாரத்துக்கு அவருக்குச் சேர வேண்டியது 2,600. கொடுத்தது 1,400 மட்டும்.

மேலாளரின் விளக்கம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. "ஓவர்டைம் போட்டாலே 1,200தான் வரும். நாங்கள் அதைவிட 200 கூடவே கொடுத்திருக்கிறோமே" என்றார். அப்படியானால் ஏழு இரவு வீட்டில் கட்டுண்டு கிடந்ததற்கு விலை வெறும் 200 ரூபாய். அவருக்குத் தர்மபுரி பக்கம் சொந்த ஊர். அந்த வாரத்தில் ஊர்த் திருவிழாவுக்குக்கூட அவரால் போக முடியவில்லை, முக்கால் மணிக்குள் தொழிற்சாலை வாசலில் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. "சரிசெய்தது பத்து நிமிடம்தானே, மூன்று மணி நேரம் எதற்கு?" என்றும் ஒரு கேள்வி வந்தது. துண்டுச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றியது யார் என்று நான் திருப்பிக் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. விடிய விடிய வேலை பார்த்தவரிடம் "நாளைக்கு 11 மணிக்கு வந்தால் போதும்" என்று பெருந்தன்மையாகச் சொல்வார்கள். இரவு மூன்று மணி நேரத்துக்குப் பகல் மூன்று மணி நேரம் விடுப்பு, கணக்கு சரியாகிவிட்டது என்பார்கள். ஓவர்டைமாக வைத்தால் அந்த மூன்று மணிக்கு 600 ரூபாய், விடுப்பாகக் கழித்தால் 300 ரூபாய். தூக்கத்துக்காகத் தாமதமாக வரச் சொல்வது நல்ல வழக்கம்தான், ஆனால் அதை ஓவர்டைமுக்கு ஈடாகக் கழிக்கக் கூடாது.

மணிக்கூலியை எதிலிருந்து வகுப்பது என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய சட்டம் அடிப்படை ஊதியத்தோடு படிகளையும் சேர்த்தே இரட்டிப்பு கணக்கிடச் சொன்னது. புதிய தொகுப்பு வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்றவற்றை ஒதுக்கிவைக்க விடுகிறது. ஆனால் அப்படி ஒதுக்கியவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். மொத்தம் 20,000 சம்பளத்தில் அடிப்படை 6,000 என்று எழுதிவிட்டு, அந்த 6,000த்தை மட்டும் வகுத்து ஓவர்டைம் போடுகிற சீட்டு உங்கள் கையில் இருந்தால் அது எந்தச் சட்டத்துக்கும் பொருந்தாது.

"நீங்கள் எக்சிக்யூட்டிவ், உங்களுக்கு ஓவர்டைம் கிடையாது" என்பது மற்றொரு வழக்கமான பதில். பதவிப் பெயரைப் பார்த்து நீதிமன்றங்கள் முடிவு செய்வதில்லை, கையால் என்ன வேலை செய்கிறார் என்றே பார்க்கின்றன. கம்பி மாட்டி, போர்ட் மாற்றி, சீட்டு ஏற்றுகிறவருக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அவர் நிர்வாகி ஆகிவிட மாட்டார். அவருக்குக் கீழே ஆளே இல்லை, விடுப்பு அனுமதிக்கிற அதிகாரமும் இல்லை.

காத்திருப்பு நேரம் முழுவதையுமே வேலை நேரமாகக் கொள்ள வேண்டும் என்று சில தம்பிகள் வாதாடுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் இதில் தெளிவாக ஒரு கோடு போட்டிருக்கிறது. பெல்ஜியத்தில் ஒரு தீயணைப்பு வீரர் காத்திருப்பில் வீட்டிலேயே இருந்து, அழைத்தால் 8 நிமிடத்துக்குள் நிலையத்துக்கு வந்தாக வேண்டும். அந்த நேரம் வேலை நேரமே என்று 2018இல் தீர்ப்பு வந்தது. ஸ்லோவேனியாவில் மலைமேல் ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்ட தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் போதும். அவருடைய காத்திருப்புக்கு அடிப்படை ஊதியத்தில் 20 விழுக்காடு கொடுத்தார்கள். 2021இல் வந்த தீர்ப்பு, அந்த நேரம் அவருடைய சொந்த வாழ்க்கையை மிகப் பெரிதாக முடக்கியிருந்தால்தான் வேலை நேரம் ஆகும் என்றது. எவ்வளவு நேரத்துக்குள் வர வேண்டும், எத்தனை தடவை அழைக்கிறார்கள் என்பவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. இவை இங்கே செல்லுபடியாகும் தீர்ப்புகள் அல்ல. ஆனால் படி எவ்வளவு என்று பேரம் பேசும்போது இதே இரண்டு கேள்விகளை மேசைமேல் வைக்கலாம். பத்து நிமிடத்துக்குள் வா என்றால் விலை கூட வேண்டும். வாரம் முழுக்க ஓர் அழைப்புகூட வராத இடத்தில் குறைவாகக் கொடுப்பதில் தவறில்லை.

இதிலெல்லாம் கடைசியில் தோற்பது சான்று இல்லாதவர்தான். நேரில் போனால் வாசலில் விரல்ரேகை விழும், நேரம் பதிவாகும். வீட்டிலிருந்து செய்த வியாழன் வேலைக்கு எந்தப் பதிவும் இல்லை. அழைப்பு வந்த நேரம் கைப்பேசியில் இருக்கிறது, முடித்த நேரம் இல்லை. முடித்தவுடன் "லேபிள் சரியாகிவிட்டது, 10:30 முதல் 11:15 வரை" என்று மேலாளருக்கு ஒரு குறுஞ்செய்தி தட்டிவிட்டால் போதும். மறுநாள் அதை ஓவர்டைம் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்கலாம்.

எங்கள் தகராறு ஒருவாறு முடிந்தது. முதலாளியிடம் நானே பேசினேன். ஓவர்டைமைத் தனியாகக் கொடுக்க ஒப்புக்கொண்டார், கையோடு ஸ்டாண்ட்பை படியை 200இலிருந்து 150 ஆகக் குறைத்துவிட்டார். "இப்படிச் செய்யலாமா அக்கா?" என்று தம்பி கோபித்துக்கொண்டார். செய்யலாம், அது அவர் பேரம் பேசக்கூடிய இடம். புதிய கணக்கில் அதே வாரத்துக்கு 1,050ம் 1,200ம் சேர்ந்து 2,250 வருகிறது. முன்பு வாங்கியதைவிட 850 கூடுதல். அடுத்த பருவத்துக்குள் மூன்று பேரும் சேர்ந்து போய் படியைத் திரும்ப ஏற்றக் கேளுங்கள் என்றேன். செவ்வாய் இரவு வீட்டிலிருந்து வண்டியில் போன கால் மணி நேரத்தையும் நான் அந்த மூன்று மணியில் சேர்த்தே கூட்டியிருக்கிறேன்; அதைக் கணக்கில் சேர்ப்பதா என்பதில் மட்டும் இன்னும் இழுபறி. எங்கள் நியமனக் கடிதங்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.