ரிப்போர்ட்டுக்காகக் கொடுத்த நம்பர்

"நோயாளிகளோட ரிப்போர்ட் எல்லாரும் பார்க்கிற மாதிரி நெட்டுல கிடந்ததுக்கு லேப்காரங்கதான் வருத்தம் தெரிவிச்சிட்டாங்களே, இன்னும் ஏன் இதையே பேசுறீங்க?" என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். மாட்டுத்தாவணிப் பக்கம் இருக்கும் அந்த லேப் ஒட்டிய அறிவிப்பை இன்னொரு தடவை படியுங்கள். "தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம்." யாருடைய ரிப்போர்ட், எத்தனை நாள் வெளியே கிடந்தது என்று ஒரு வரிகூட இல்லை.

ரிப்போர்ட் பார்க்க லேப்பிலிருந்து எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த லிங்கின் கடைசியில் `id=10457` என்று இருக்கும். அதை `10458` ஆக்கினால் அடுத்தவருடைய பெயர், வயது, போன் நம்பர், சர்க்கரை அளவு எல்லாம் திறந்துகொள்ளும். ஓ.டி.பி. கிடையாது. கேட்பது யார் என்று சர்வர் பார்க்கவே இல்லை, எண்ணைப் பார்த்து ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டது.

"யாரும் ஹேக் பண்ணலையே" என்கிறார்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தற்செயலாக வெளியே தெரிந்தாலும் அது மீறல்தான். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரிடமும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும்: என்ன நடந்தது, எப்போது, அதனால் என்ன வரலாம், அவர் என்ன செய்துகொள்ளலாம், யாரிடம் கேட்கலாம். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் போக வேண்டும்.

"அதெல்லாம் 2027 மே மாசம்தானே அமலுக்கு வருது?" சரிதான். ஆனால் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவு இன்றைக்கே அமலில் இருக்கிறது. கசிவு தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அங்கே சொல்ல வேண்டும். அங்கே சொல்லியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். செர்ட்-இன்னுக்குச் சொன்னால் அந்த நோயாளிக்குச் சொன்னதாகுமா? ஊருக்கே தெரிந்த ரிப்போர்ட்டின் சொந்தக்காரருக்குத்தான் இன்னும் தெரியாது.

அடுத்து, லேப்பில் நம்பர் கொடுத்தவர்களுக்கு வரும் அந்த இன்சூரன்ஸ் போன்கள். "படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்காங்களே" என்கிறார்கள். ரிப்போர்ட் அனுப்பத்தான் நம்பர் வாங்கினார்கள். மருத்துவ விவரத்தை வாங்கிய நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஐ.டி. சட்டத்தின் 2011-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. புதுச் சட்டம் இன்னும் தெளிவு: அந்த நோக்கத்துக்குத் தேவைப்படாத விவரத்துக்குச் சம்மதம் செல்லாது, சம்மதம் வாங்கியதை நிரூபிக்க வேண்டியதும் நிறுவனம்தான். ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்து நிற்கும் பெரியவரிடம், படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரியைச் சேர்த்துக் கையெழுத்து வாங்குவது சம்மதமா? ரிப்போர்ட்டுக்காகக் கொடுத்த நம்பர் அது. ரிப்போர்ட்டுக்காக மட்டும்.

"சின்ன லேப், பாவம்" என்போரிடம் சண்டையில்லை. சாஃப்ட்வேர் செய்து கொடுத்தவர் மேல் பழியைப் போட முடியாது, சட்டப்படி பொறுப்பு லேப்புடையதுதான். ரிப்போர்ட் வெளியே போனவர்களின் போன் நம்பர்களுக்கெல்லாம் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி விஷயத்தைச் சொல்ல எவ்வளவு செலவாகிவிடும்?

எனக்கு ஆறாதது இன்னொன்று. மீறலைச் சொல்லாமல் மறைத்தால் 200 கோடி ரூபாய் வரை அபராதம், அதுவும் அரசுக் கருவூலத்துக்குத்தான் போகும். அலட்சியத்தால் நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்க ஐ.டி. சட்டத்தில் இருக்கும் 43ஏ பிரிவையும் புதுச் சட்டம் எடுத்துவிடுகிறது. அது போவதற்குள், நஷ்டத்துக்கு ஆதாரம் உள்ளவர்கள் மாநில ஐ.டி. துறைச் செயலாளரிடம் மனு கொடுங்கள். அந்த எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காதீர்கள், இன்சூரன்ஸ் போன் வந்த தேதியையும் நம்பரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.