பாலம் கட்டாம டிரான்னு சொல்லாதீங்க

செஸ்ல கடைசில ஆளுக்கொரு யானையும் ஒருத்தர்ட்ட மட்டும் ஒரு சிப்பாயும் மிஞ்சுனா சிலர் இப்படித்தான் சொல்லுவாங்க: "சிப்பாய் ஏழாம் வரிசைக்கு போனாலும் ராஜா வெளிய வந்தா செக் மேல செக்தான், டிரா."

இல்ல மக்கா. வெள்ளை ராஜா g8, சிப்பாய் g7, யானை e1, கருப்பு ராஜா d7, யானை h2-ன்னு வைங்க. ராஜாவ அவசரப்பட்டு எடுக்காதீங்க, முதல்ல யானைய e4-க்கு ஏத்துங்க, கருப்பு யானை h1, அப்புறம் உங்க ராஜா f7, f1-ல செக், g6, g1-ல செக், f6, மறுபடி f1-ல செக், g5, g1-ல செக் வரும்போ யானைய g4-ல குறுக்க போடுங்க, அதான் பாலம், இனி சிப்பாய் ராணியாவுறத தடுக்க ஏலாது.

தக்கலை அண்ணன் சொன்ன, எதிராளி ராஜாவ சிப்பாய் பக்கம் வர விடாம யானையால தடுத்து வைக்கணும்ங்கது சரிதான், ஆனா அது மட்டும் போதாது. நாகர்கோவில் டோர்னமெண்ட்ல யானைய e1-லயே விட்டுட்டு ராஜாவ எடுத்து நான் அரைப் பாயிண்ட் விட்டேன். ஓரத்து சிப்பாய்னா மூலையில ராஜா மாட்டிக்கும், அங்க இந்த வழி எடுபடாது.