முப்பதுக்கு நாற்பது இல்லாத மனையை முப்பதுக்கு நாற்பது என்று எழுதாதீர்கள்

ஓசூர் பாகலூர் சாலைப் பக்கம் மாமாவுக்கு ஒரு மனை இருக்கிறது. அவருக்கு வயதாகிவிட்டது. நான் பெங்களூரில் பொம்மனஹள்ளியில் இருக்கிறேன், இணையத்தில் விளம்பரம் போடத் தெரியும் என்பதால் விற்றுக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் எல்லோரையும் போலத்தான் எழுதினேன். "பெங்களூருக்கு மிக அருகில் அருமையான வீட்டுமனை, முந்துங்கள்!" ஒரு வாரத்தில் நாற்பது அழைப்பு. ஒன்றும் தேறவில்லை. பாதிப்பேர் "ஏ காதாவா, பி காதாவா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். காதா என்பது கர்நாடகத்துச் சொத்துப் பதிவு, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் காதாவே கிடையாது, அங்கே பட்டாதான் என்று ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்தித் தொண்டை கட்டிவிட்டது. மனை கர்நாடகத்திலா தமிழ்நாட்டிலா என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தால் இந்த அழைப்புகள் வந்தே இருக்காது. இன்னொன்று, பெங்களூரில் நாம் சைட் என்கிறோம், ஓசூர்க்காரர் பிளாட் அல்லது மனை என்கிறார். தேடுகிறவர் அவரவர் சொல்லைத்தான் தட்டுவார். அதனால் தலைப்பில் இரண்டுமே இருக்கட்டும்.

என் மானம் போனது அளவில்தான். தரகர் சொன்னபடி "30×40, 1200 சதுர அடி" என்று போட்டிருந்தேன். மாரத்தஹள்ளியிலிருந்து வந்த ஒருவர் டேப்பைக் கையோடு கொண்டு வந்திருந்தார். கிழக்கே சாலைப் பக்கம் 30 அடி, சரி. வடக்கும் தெற்கும் 40, அதுவும் சரி. மேற்கே பின்பக்கம் 27 அடிதான். இரண்டு அகலத்தின் சராசரி 28.5, அதை 40-ஆல் பெருக்கினால் 1140 சதுர அடி. மாமாவின் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் அதிலும் 1140 என்றே இருக்கிறது! நான்தான் படிக்கவில்லை. சதுர அடி 2,500 ரூபாய் கேட்டிருந்தோம், ஆக 60 சதுர அடிக்கு ஒன்றரை லட்சம். அதை விலையில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். "இதையே மறைச்சவங்க வேற எதை மறைச்சீங்களோ" என்று வண்டியை எடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு வந்தவர் வாஸ்து பார்ப்பவர். முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல், இது சிம்மமுகம், கடைக்கு ஆகும் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் நாலு பக்க அளவையும் எழுதியிருந்தால் அவருக்குப் பெட்ரோல் மிச்சம், எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

அடுத்து "அப்ரூவ்டு" என்ற சொல். இதை வெறுமனே எழுதுவது எழுதாமல் இருப்பதற்குச் சமம். டி.டி.சி.பி அனுமதி பெற்ற மனைப்பிரிவு என்றால் சாலையும் பூங்கா இடமும் ஒதுக்கி, வரைபடத்துக்கு எண் வாங்கியது. எங்கள் மாமாவுடையது அப்படி இல்லை. அங்கீகாரமில்லாமல் பிரித்து விற்றதில் வாங்கிய மனை. 2016 அக்டோபர் 20 வரை விற்ற அப்படிப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தபோது பணம் கட்டி உத்தரவு வாங்கியது. வீடு கட்ட அனுமதி கேட்கும்போது அந்த உத்தரவைத்தான் கேட்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. விலையும் ஒன்றாக இருக்காது. வரன்முறை என்று எழுதினால் ஆள் ஓடிவிடுவார் என்று தரகர் பயமுறுத்தினார். ஓடுகிறவர் பத்திரத்தைப் பார்த்தாலும் ஓடத்தானே போகிறார், கொஞ்சம் தாமதமாக!

"மெட்ரோ வருகிறது" என்று போடச் சொன்னதும் அவர்தான். பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறந்தது, பொம்மசந்திராவோடு நிற்கிறது, ஓசூர் வரை வரவில்லை. அதை மட்டும்தான் எழுதலாம். "பத்து நிமிடத்தில்" என்பதும் வேண்டாம், எந்த ஊர்ப் பத்து நிமிடம் என்று சில்க் போர்டில் தினமும் நிற்கிற யாரும் கேட்பார்கள். கிலோமீட்டரில் சொல்லுங்கள்.

கடைசியில் தலைப்பு இப்படி ஆனது: "ஓசூர் (தமிழ்நாடு), பாகலூர் சாலை: 1140 சதுர அடி மனை / சைட், கிழக்குப் பார்த்தது, வரன்முறைப்படுத்தியது, தனிப்பட்டா."

கீழே விவரம்: "கிழக்கு 30, மேற்கு 27, வடக்கு 40, தெற்கு 40 அடி. சுமார் 2.6 சென்ட். முன்னால் 23 அடி மண்சாலை, தார் போடவில்லை. ஓசூர் பேருந்து நிலையம் 5 கி.மீ. 30 வருட வில்லங்கச் சான்று தயார். உத்தரவு நகல் நேரில் காட்டப்படும். சதுர அடி 2,500, பேசலாம்."

பத்திரத்தைப் படமெடுத்துப் போடச் சிலர் சொன்னார்கள். அதை நான் செய்யவில்லை. மாமாவின் கையெழுத்தும் விரல்ரேகையும் ஊர் முழுக்கச் சுற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை.

இரண்டு வாரத்தில் நாலே அழைப்பு. காதா பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும், "மண்சாலை, மழைக்காலத்துல கார் போகுமா?" என்றார். அது எனக்கே தெரியாது. மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சனிக்கிழமை டேப்போடு வருகிறாராம்.