செல் குறுகினால் எழுத்து அழியாது
"எக்செல்ல முகவரி பாதியில நின்னா மீதி டேட்டா போயிடுச்சுன்னு அர்த்தம். திரும்ப டைப் பண்ணுங்க."

இப்படி யாராவது சொன்னா அவசரப்படாதீங்க. வலப்பக்க செல் காலியா இருந்தா எழுத்து அதன்மேல் வழியும். ஏதாவது இருந்தா மறையும், அவ்வளவுதான். முகவரி செல்லைக் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பாரைப் பாருங்க. இல்லைன்னா, முகவரி B2-ல இருந்தா, வேறொரு செல்லில்:

```
=LEN(B2)
```

திரையில் 20 எழுத்துதான் தெரியுது, விடை 94 என்றால் முழுசா இருக்கு. (தமிழில் புள்ளியும் காலும் தனியா எண்ணப்படும். "அம்மா"வுக்கே 5 வரும்.)

"நெடுவரிசையை அகலமாக்கினா எல்லாம் வந்துடும்"னு சிலர் சொல்றது பாதிதான் சரி. பல வரிசைகளில் LEN விடை சரியா 255 வந்து, சொல் நடுவிலேயே முறிஞ்சு நின்னா, பெரும்பாலும் இறக்குமதியின்போதே வெட்டுப்பட்டிருக்கும். அதை மூலக் கோப்பிலிருந்துதான் மறுபடி எடுக்கணும்.