பதிவு செய்த உயிலைப் பதிவில்லாத உயிலால் மாற்ற முடியாதா?

“சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த உயில்தான் செல்லும், பிறகு வெள்ளைத்தாளில் எழுதிய எதுவும் அதை அசைக்காது.”

இது தவறு. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்பது, எழுதியவரின் கையொப்பமும் குறைந்தது இரண்டு சாட்சிகளின் சான்றொப்பமுமே. கோடிசில் எனப்படும் பிற்சேர்க்கைக்கும் இதே விதிதான்.

ஒருவர் 2012-இல் பதிந்த உயிலில் வீட்டை மகனுக்கும் நிலத்தை மகளுக்கும் எழுதி, 2019-இல் இரு சாட்சிகளோடு, ஆனால் பதியாமல், நிலத்தைப் பேத்திக்கு மாற்றிப் பிற்சேர்க்கை எழுதினார் என்று கொள்வோம். நிலம் பேத்திக்குச் சேரும். வீட்டைப் பற்றிய பகுதி 2012-இல் எழுதியபடியே நிற்கும். பின்னர் அவர் புதிய உயில் எழுதி, அதில் முந்தையவற்றை ரத்து செய்வதாகச் சொல்லாவிட்டால், முரண்படும் பகுதிகளில் மட்டும் புதியது மேலோங்கும். எது பிந்தியது என்பதை எழுதிக் கையொப்பமிட்ட நாளே தீர்மானிக்கும், பதிந்த நாள் அல்ல.

பழைய உயிலின் ஓரத்தில் பேனாவால் அடித்துத் திருத்துவதுதான் பலரும் செய்யும் பிழை. அத்திருத்தத்துக்கு அருகில் கையொப்பமும் சாட்சிகளின் சான்றொப்பமும் இல்லையெனில், அடிக்கப்பட்ட பழைய எழுத்து படிக்க முடிகிறவரை அதுவே செல்லும். வழக்கு வந்தால், பிந்திய ஆவணம் மெய்யானது என்று நிரூபிக்கும் பொறுப்பு அதைக் காட்டுபவருடையது. அதனால் சாட்சிகளில் ஒருவரேனும் நீதிமன்றத்துக்கு வரக்கூடியவராக இருப்பது நல்லது.