‘அடுத்து’ என்பதை வெட்டுவதற்கு முன்

“‘முதலாவதாக’, ‘அடுத்து’, ‘சுருக்கமாக’ எல்லாம் வெறும் நிரப்புச் சொற்கள். பேச்சிலிருந்து வெட்டிவிடுங்கள்” என்று சிலர் அறிவுரை சொல்வதுண்டு.

பாதி சரி. வாக்கியத்துக்கு வாக்கியம் ‘அடுத்து’ போட்டால் அது ‘வந்து’ மாதிரிதான். ஆனால் வாசிப்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம், கேட்பவரால் முடியாது. “மூன்று காரணங்கள்” என்று தொடங்கி, முதல் காரணமான செலவுக்கு இரண்டு உதாரணம் தருகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டாவது உதாரணத்தையே சிலர் இரண்டாவது காரணமாக எண்ணிவிடுவார்கள். அங்கே வெறும் ‘அடுத்து’ உதவாது. அடுத்த உதாரணமா, அடுத்த காரணமா? “செலவு அவ்வளவுதான். இரண்டாவது காரணம், நேரம்” என்றால் முடிந்ததும் தெரியும், தொடங்குவதும் தெரியும்.

ஸ்லைடில் எண் போட்டால் போதாதா என்று கேட்கலாம். திரையைப் பார்க்காமல் குறிப்பெடுப்பவருக்கு அது தெரியாது. அப்புறம், ‘சுருக்கமாக’ என்று சொல்லிவிட்டுப் புதுக் கருத்தை நுழைக்காதீர்கள். அதற்குள் பாதிப்பேர் நோட்டை மூடியிருப்பார்கள்.