மீட்டர் 660 ரூபா என்ற கணக்கு

“துணி மீட்டர் 2 டொலர், டொலர் 300 ரூபா. 10% வரியோட 660 தான் அடக்கவிலை. கல்முனைல 850 சொல்றது பகல் கொள்ளை.”

பெருக்கல் சரிதான் தம்பி, ஆனால் சுங்கம் வரி போடுவது பில் விலைக்கு மட்டுமல்ல. கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்த பெறுமதிக்குத்தான். உங்கள் இலக்கங்களையே வைத்து 1000 மீட்டருக்குப் பார்ப்போம். (வற் தனிக் கதை, அதைத் தொடவில்லை.) துணி 2000 டொலர், கப்பல் கூலி 180, காப்புறுதி 20 என்றால் 2200 டொலர், அதாவது 6,60,000 ரூபா. வரி 66,000. கிளியரிங், கொழும்பிலிருந்து லொறி எல்லாம் 34,000 என்று வையுங்கள். மொத்தம் 7,60,000.

இதோடு முடியாது. பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்துத்தானே வெட்டுகிறோம். 50 சென்ரிமீற்றருக்குப் பேனாவால் கோடு போட்டு, கழுவிக் காயவைத்து அளந்து பாருங்கள். 47.5 வந்தால் 5% சுருக்கம். கைக்கு வருவது 950 மீட்டர்தான். 7,60,000ஐ 950ஆல் பிரித்தால் 800 ரூபா.

சுருக்கத்துக்காக 760 ரூபாவோடு 5% கூட்டினால் போதும் என்று மேலே ஒருவர் சொன்னது பாதி சரி. கூட்டினால் 798 வரும், பிரிக்கத்தான் வேண்டும்.

துணியை இறக்கியவரிடம், சுங்கத்துக்குக் கொடுத்த கஸ்டெக் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். வரி எந்தப் பெறுமதிக்கு, எந்த நாணய மாற்று வீதத்தில் போட்டிருக்கிறது என்பது அதிலேயே இருக்கும். வங்கி அறவிட்ட டொலர் வீதம் அதிலிருந்து வித்தியாசப்படலாம். மிச்ச 50 ரூபா நியாயமா என்பதைக் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.